ஏப்ரல் 2-க்குள் பணம் வர வேண்டும்

பிரான்சில் தனியாளாகத் தொழில் செய்கிற ஒருவர், வேலையை முடித்துக் கொடுத்த பிறகு எழுதும் மின்னஞ்சல் பத்துப் பன்னிரண்டு வரியைத் தாண்டாது. 'பில்லை இணைத்திருக்கிறேன், இன்ன தேதிக்குள் பணம் அனுப்பிவிடுங்கள்' என்பதுதான் விஷயம். ஆனாலும் அந்தச் சில வரிகளை எழுத உட்காரும்போது பலருக்குக் கை தயங்குகிறது. பணம் கேட்பது எந்த ஊரிலும் கூச்சமான காரியம்தான். அந்தக் கூச்சத்தில் சிலர் தேதியையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கூச்சத்தை மறைக்கச் சட்டப் பிரிவுகளை அடுக்கி, முதல் மடலிலேயே மிரட்டுகிறார்கள். இரண்டுமே பணத்தைத் தாமதப்படுத்தும்.

பிரான்சில் இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கோ தனித் தொழிலாளருக்கோ எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்பதை வணிகச் சட்டத் தொகுப்பே சொல்லிவிடுகிறது. தவறினால் எவ்வளவு வட்டி என்பதும் அதிலேயே இருக்கிறது. பில்லோடு போகும் மடலுக்கு மிச்சமிருப்பது ஒரே வேலை: அந்தத் தேதியைச் சரியான மேசையில் கொண்டுபோய் வைப்பது.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். லியோன் நகரில் ஒரு பெண்மணி இருக்கிறார். ஜெர்மன் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குத் தொழில்நுட்ப நூல்களை மொழிபெயர்ப்பவர். கிரெனோபிளில் உள்ள ஓர் இயந்திர விற்பனை நிறுவனம் அவரிடம் ஒரு மில்லிங் இயந்திரத்தின் கையேட்டைக் கொடுத்தது. மொத்தம் 15,000 சொற்கள், சொல்லுக்கு 12 சென்ட். வேலையை 2025 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார். மார்ச் 3, திங்கட்கிழமை 1,800 யூரோவுக்கு பில் போட்டு, இப்படி ஒரு மடலோடு அனுப்புகிறார்:

```
Objet : Facture n° 2025-007 – Traduction manuel fraiseuse –
échéance 02/04/2025

Bonjour Madame,

Veuillez trouver ci-joint la facture n° 2025-007 du 3 mars 2025,
d'un montant de 1 800,00 €, relative à la traduction du manuel
de la fraiseuse (commande n° 4512, livrée le 28 février).

Conformément à nos conditions, le règlement est attendu par
virement à 30 jours, soit au plus tard le 2 avril 2025.
Mes coordonnées bancaires figurent sur la facture.

Je vous remercie de bien vouloir m'en confirmer la réception
et reste à votre disposition pour toute question.

Bien cordialement,
```

தமிழில் சொன்னால்: 'வணக்கம் அம்மையீர். மில்லிங் இயந்திரக் கையேட்டின் மொழிபெயர்ப்புக்கான (ஆர்டர் எண் 4512, பிப்ரவரி 28-இல் ஒப்படைக்கப்பட்டது) 2025-007 எண்ணிட்ட, மார்ச் 3 தேதியிட்ட 1,800 யூரோ பில்லை இணைத்துள்ளேன். நாம் ஒப்புக்கொண்டபடி 30 நாளில், அதாவது தாமதமானாலும் ஏப்ரல் 2-க்குள், வங்கி வழியாகப் பணத்தை எதிர்பார்க்கிறேன். என் வங்கிக் கணக்கு விவரம் பில்லிலேயே இருக்கிறது. கிடைத்ததற்கு ஒரு வரி எழுதினால் நன்றி. ஏதேனும் கேட்க வேண்டுமானால் காத்திருக்கிறேன். அன்புடன்.' அதற்குக் கீழே பெயர், தொழில், தொலைபேசி எண்.

இந்த மடலை வாசிக்கப்போவது யார் என்பதிலிருந்து தொடங்குவோம். வேலை கொடுத்தவர் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு மேலாளர். மாதக்கணக்காக இவரோடு பேசியவர். ஒருமையில் 'து' என்று அழைத்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம்கூட ஏற்பட்டிருக்கலாம். ஆனால் பணம் அனுப்புவது அவர் இல்லை, கணக்குப் பிரிவு. அங்கே இருப்பவர் நம் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்ததே இல்லை. அவர் மேசையில் அன்றைக்கு வந்த பில்கள் குவிந்து கிடக்கின்றன. அதனால் மடல் பன்மையில் 'வூ' என்று மரியாதையாகவே எழுதப்படுகிறது. கணக்குப் பிரிவுக்கு நேராகவும் மேலாளருக்கு நகலாகவும் போகிறது. மேலாளருக்கு நகல் போவது வெறும் மரியாதைக்காக இல்லை. 'வேலை முடிந்தது, பணம் கொடுக்கலாம்' என்று அவர் ஒப்புதல் தந்தால்தான் கணக்குப் பிரிவு அசையும். அந்த ஒப்புதலுக்கு பிரெஞ்சு அலுவலகங்களில் 'போன் ஆ பேயே' என்று பெயர். கெடு தாண்டியும் பணம் வராத பல பில்கள், விசாரித்துப் பார்த்தால், இந்த ஒப்புதல் வராமல் யாரோ ஒருவரின் அஞ்சல் பெட்டியில் முடங்கிக் கிடப்பவைதான். பணம் இல்லாமல் இல்லை, கொடுக்க மனம் இல்லாமலும் இல்லை. 'ஆமாம், இந்த வேலை வந்துவிட்டது' என்று சொல்ல வேண்டியவர் விடுமுறையில் போயிருப்பார்.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தேவைப்படும் நான்கு விஷயங்களும் மடலைத் திறக்காமலே தெரிய வேண்டும். முடியாவிட்டால் முதல் பத்தியிலாவது தெரிய வேண்டும். பில் எண், தொகை, எந்த வேலைக்கு, என்றைக்குள். அதனால்தான் பொருள் வரியிலேயே எண்ணும் தேதியும் வந்துவிடுகின்றன. வெறுமனே 'பில்' என்று மட்டும் பொருள் வரி போடுகிறவர்கள், ஒரு மாதம் கழித்து அந்த அலுவலகத்தில் யாராவது தேடும்போது தம் மடல் கிடைக்காமல் போவதற்குத் தாமே வழி செய்துகொள்கிறார்கள்.

மடலில் அடைப்புக்குறிக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஆர்டர் எண்ணைப் பாருங்கள். பிரெஞ்சில் அதற்கு 'போன் த கொமாந்த்' எண் என்று பெயர். சிறிய கடைக்காரர் அதைக் கேட்க மாட்டார். ஆனால் கொஞ்சம் பெரிய நிறுவனமானால், அந்த எண் இல்லாத பில்லைக் கணினியில் ஏற்றவே முடியாது. ஏற்ற முடியாத பில்லை அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால்கூட நல்லது. பேசாமல் ஓரமாக வைத்துவிட்டால்தான் ஆபத்து. வேலை தொடங்கும்போதே அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் மேலான தேதி. மடல் '30 நாள்' என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. ஏப்ரல் 2 என்று நாளைக் குறித்துவிட்டது. 30 நாள் என்றால் எதிலிருந்து 30 நாள் என்ற கேள்வி உடனே எழும். வேலை முடிந்த நாளிலிருந்தா, பில் போட்ட நாளிலிருந்தா, பில் கையில் கிடைத்த நாளிலிருந்தா? மூன்றுக்கும் மூன்று விடைகள் வரும்.

வணிகச் சட்டத் தொகுப்பின் எல் 441-10 என்ற பிரிவு இதற்கு விடை வைத்திருக்கிறது. இரு தரப்பும் எதுவுமே பேசிக்கொள்ளவில்லை என்றால், சரக்கு கிடைத்த நாளிலிருந்து அல்லது வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாள். நம் உதாரணத்தில் பிப்ரவரி 28-லிருந்து கணக்கிட்டால் மார்ச் 30. ஆனால் இரு தரப்பும் வேறு கெடு பேசிக்கொள்ளலாம். அப்படிப் பேசினாலும் பில் தேதியிலிருந்து 60 நாளைத் தாண்டக் கூடாது. இவர்கள் 'பில் தேதியிலிருந்து 30 நாள்' என்று முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மார்ச் 3-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 2. மடலில் 'நாம் ஒப்புக்கொண்டபடி' என்ற சொற்கள் வருவது இதனால்தான். ஒப்பந்தமோ, கையெழுத்திட்ட விலை மதிப்பீடோ இல்லாதவர் அந்தச் சொற்களை எழுதுவதில் பொருளில்லை.

60 நாளுக்கு மாற்றாக இன்னொரு கணக்கையும் சட்டம் அனுமதிக்கிறது. அதுதான் பலரையும் குழப்புவது: '45 நாள், மாத இறுதி'. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் இது செல்லும். ஆனால் இதைக் கணக்கிட இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மார்ச் 5 தேதியிட்ட ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 45 நாள் கூட்டினால் ஏப்ரல் 19; அந்த மாதத்தின் கடைசி நாள் ஏப்ரல் 30. மாறாக, முதலில் மார்ச் மாத இறுதிக்குப் போய் அங்கிருந்து 45 நாள் எண்ணினால் மே 15. ஒரே சொற்றொடர், இடையில் 15 நாள் வித்தியாசம். வாடகை கட்ட வேண்டிய ஆளுக்கு அந்த 15 நாள் சாதாரணமில்லை. பணம் வாங்குபவர் ஏப்ரல் 30 என்று நினைத்துக்கொண்டு மே முதல் வாரத்தில் கோபமாக மடல் எழுதுவார். கொடுப்பவர் மே 15 என்ற கணக்கில் நிம்மதியாக இருப்பார். இருவரும் யோக்கியர்கள்தான். மடலில் தேதியையே எழுதிவிட்டால் இந்தச் சண்டை பில் போட்ட அன்றே வெளியே வந்துவிடும். கணக்குப் பிரிவுக்கு வேறு எண்ணம் இருந்தால் அன்றே சொல்லிவிடுவார்கள். நாள்கணக்கை எழுதுவதைவிட நாளை எழுதுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

'கிடைத்தவுடன் பணம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் கணக்குப் பிரிவின் பட்டியலில் ஒரு தேதி இருந்தால்தான் அந்தத் தேதியில் பணம் புறப்படும். 'உடனே' என்பது எந்தப் பட்டியலிலும் ஏறாது. 'முடிந்தவரை விரைவில்' என்பது அதைவிட மோசம். அதை எழுதியவருக்கே அது எந்த நாள் என்று தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு முக்கியமான விஷயம். மடலில் தேதி எழுதினால் மட்டும் போதாது. சட்டத்தின் கண்ணில் நிற்பது பில்தான். பணம் தர வேண்டிய தேதி, தாமதமானால் என்ன வட்டி, முன்கூட்டியே கொடுத்தால் தள்ளுபடி உண்டா இல்லையா, வசூல் செலவுக்கான 40 யூரோ நிலைத்தொகை ஆகிய நான்கும் நிறுவனங்களுக்குப் போடும் பில்லிலேயே இருக்க வேண்டும் என்கிறது எல் 441-9 பிரிவு. தள்ளுபடி கிடையாது என்றால் 'கிடையாது' என்றே எழுத வேண்டும். கட்டாயமாக இருக்க வேண்டியவற்றை விட்டுவிட்டால், தனிநபருக்கே 75,000 யூரோ வரை நிர்வாக அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மடலில் ஏப்ரல் 2 என்றும் பில்லில் ஏப்ரல் 30 என்றும் இருந்தால் கணக்குப் பிரிவு எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய பில்லை நகலெடுத்து எண்ணையும் தொகையையும் மட்டும் மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தேதிக் கட்டம் பழையபடியே இருந்துவிடும்.

பில்லில் இருக்க வேண்டிய மற்றவை பெரும்பாலும் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். 'சிரே' எனப்படும் 14 இலக்கப் பதிவு எண் அவற்றில் ஒன்று. 2022 மே 15 முதல், தனித் தொழில்முனைவோர் தம் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ 'தனித் தொழில்முனைவோர்' என்பதையோ அதன் சுருக்கமான `EI` என்பதையோ சேர்க்க வேண்டும். நம் மொழிபெயர்ப்பாளர் 'மீக்ரோ-ஆந்த்ரப்ரனர்' என்ற எளிய திட்டத்தில் இருக்கிறார். சிறிய வருமானக்காரர் என்பதால் மதிப்புக்கூட்டு வரி வசூலிப்பதில்லை. அதனால் பில்லின் அடியில் `TVA non applicable, art. 293 B du CGI` என்ற வரி இருக்க வேண்டும். அது இல்லாமல் வரியில்லாத 1,800 யூரோவைப் பார்த்தால், கணக்குப் பிரிவு 'வரி எங்கே' என்று கேட்டு மடல் போடும். அந்தக் கேள்விக்குப் பதில் போகும்வரை பில் காத்திருக்கும்.

அனுப்பிய பிறகுதான் பிழை தெரிகிறது என்றால்? சரிசெய்து அதே எண்ணில் மறுபடி அனுப்பக் கூடாது. பில் எண்கள் இடைவெளியில்லாமல் தொடர்ந்து வர வேண்டும். ஒருமுறை வெளியே போன எண்ணை அழிக்கவும் முடியாது. பழையதைச் சுட்டிக்காட்டும் திருத்த பில் ஒன்று போட வேண்டும், அல்லது 'அவுவார்' எனப்படும் வரவுக் குறிப்பால் பழையதை ரத்துசெய்துவிட்டுப் புது எண்ணில் பில் போட வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு பில்கள் போய்ச் சேர்ந்தால், பெறுபவரின் கணினி ஒன்றை இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடும். எதைத் தள்ளும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வங்கி விவரத்துக்கு வருவோம். பிரான்சில் இது 'ரிப்' என்ற ஒரு தாளாகப் புழங்குகிறது. அதில் கணக்கு வைத்திருப்பவர் பெயரும் 27 எழுத்தெண் கொண்ட ஐபான் எண்ணும் இருக்கும். இதை மடலின் உடலில் எழுதாமல் 'பில்லில் இருக்கிறது' என்று மட்டும் சொன்னதற்குக் காரணம் உண்டு. மோசடிக்காரர்கள் ஃப்ரீலான்ஸரின் பெயரில் ஒரு மடல் அனுப்பி, 'என் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று எழுதுவது பிரான்சில் பழகிப்போன ஏமாற்று. அதனால் கணக்கு எண் மாறினாலே கணக்குப் பிரிவு விழித்துக்கொள்ளும். கோப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கும். உண்மையாகவே வங்கியை மாற்றியவர் பில்லோடு சேர்த்து அந்தச் செய்தியையும் அனுப்பினால், அந்த பில் தாமதமாவது உறுதி. அதை வேலை தொடங்கும்போதே தெரிவித்து, பில் போகும் முன்பே சரிபார்ப்பை முடித்துக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் பெறுபவரின் பெயரும் ஐபான் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் அனுப்புபவரை எச்சரிக்க வேண்டும். பில்லில் தொழில் பெயரும் வங்கியில் சொந்தப் பெயரும் இருந்தால் அந்த எச்சரிக்கை வரலாம். அதைப் பார்த்த கணக்கர் கையை எடுத்துவிடுவார்.

மடலின் கடைசி வேண்டுகோள், 'கிடைத்ததற்கு ஒரு வரி எழுதுங்கள்'. இது சம்பிரதாயம் போலத் தோன்றும். ஆனால் சாதாரண மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி கிடையாது. ஏப்ரலில் அழைத்துக் கேட்கும்போது 'உங்கள் பில் எங்களுக்கு வரவே இல்லையே' என்று பதில் வந்தால் பாதிப் பேருக்கு அங்கேயே பேச்சு நின்றுவிடும். மார்ச் 4-ஆம் தேதி 'கிடைத்தது, நன்றி' என்று வந்த ஒரு வரி அந்தப் பதிலுக்கு இடம் தராது.

மடலில் இல்லாதது எது என்றும் கவனியுங்கள். தாமத வட்டியோ 40 யூரோவோ அதில் வரவில்லை. அவை பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. அங்கே இருந்தால் போதும். இன்னும் தவறே செய்யாத ஒருவரிடம் முதல் மடலிலேயே அபராதம் பற்றிப் பேசுவது பிரெஞ்சுக்காரர்களுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். அதே போல, 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்பதும் இல்லை. செய்த வேலைக்குக் காசு கேட்பவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? முடிக்கும்போது 'பியன் கோர்தியால்மான்' என்று போட்டால் போதுமானது. பழைய கடிதங்களில் வரும் 'என் உயர்ந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்' வகை முடிவு, பதிவுத் தபாலுக்குப் பொருந்தும். பில்லோடு போகும் மின்னஞ்சலுக்கு அது பட்டுச் சால்வை.

சரி, ஏப்ரல் 2 வந்து போய்விட்டது. பணம் வரவில்லை. என்ன செய்வது?

இரண்டு மூன்று நாள் பொறுத்து, அதே மடலுக்குப் பதிலாக, பில்லை மறுபடி இணைத்து ஒரு நினைவூட்டல் அனுப்புவதுதான் வழக்கம். 'ஏப்ரல் 2-இல் வர வேண்டிய இந்தத் தொகை எங்கள் கணக்கில் இன்னும் வரவில்லை. இதற்குள் அனுப்பியிருந்தால் இந்த மடலைப் பொருட்படுத்த வேண்டாம்' என்கிற தொனி. நிறுவனங்கள் பல, வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோ மொத்தமாகப் பணம் அனுப்புகின்றன. கெடு நாள் இரண்டு சுற்றுக்கு நடுவே விழுந்துவிட்டால் ஓரிரு நாள் தள்ளிப்போகும். அதற்குக் கோபப்பட வேண்டாம்.

இன்னும் சில நாள் போனாலும் வரவில்லை என்றால், பில்லின் அடியில் இருந்த சிறிய எழுத்துகளுக்கு இப்போதுதான் வேலை. கெடு தாண்டிய மறுநாளிலிருந்து வட்டி தானாக ஓடத் தொடங்குகிறது. நினைவூட்டல் அனுப்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. ஒப்பந்தத்தில் வேறு விகிதம் இல்லாவிட்டால், ஐரோப்பிய மத்திய வங்கியின் முக்கிய மறுநிதி வட்டியோடு 10 சதவீதப் புள்ளி கூட்டியது. வேறு விகிதம் பேசினாலும் அது சட்டபூர்வ வட்டியின் 3 மடங்குக்குக் குறையக் கூடாது. 2025-இன் முதல் ஆறு மாதத்துக்கு, ஜனவரி 1 அன்று இருந்த 3.15 சதவீதத்தை எடுக்க வேண்டும், ஆக 13.15 சதவீதம். பணம் ஏப்ரல் 22-இல், 20 நாள் தாமதமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,800 யூரோவுக்கு ஓராண்டு வட்டி 236.70 யூரோ. அதை 365-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 12.97 யூரோ. வட்டி இவ்வளவுதான். இதோடு 40 யூரோ நிலைத்தொகை சேர்ந்தால் 52.97 யூரோ.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று புரியும். சிறிய பில்லுக்கு வட்டியால் யாரும் பயப்பட மாட்டார்கள். 40 யூரோதான் கொஞ்சம் உறுத்தும். அது தாமதமான பில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு ஆணையிலிருந்து வந்து, பிரான்சில் 2013 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இது நிறுவன வாடிக்கையாளர்களுக்கு மட்டும். வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசியவர், வீட்டுக்காரரிடம் இந்த 40 யூரோவைக் கேட்க முடியாது.

நடைமுறையில் ஃப்ரீலான்ஸர்களில் பலர் இந்த 52.97-ஐக் கேட்பதே இல்லை. அடுத்த வேலை போய்விடுமோ என்ற பயம். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கேட்காவிட்டாலும், இரண்டாவது நினைவூட்டலில் அந்தத் தொகையைக் கணக்கிட்டு எழுதி, 'இந்த வாரத்துக்குள் அசல் வந்துவிட்டால் இதை வலியுறுத்த மாட்டேன்' என்று சொல்வது நல்ல உபாயம். சட்டம் தெரிந்த ஆள் என்று எதிர்முனைக்குப் புரிந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால், ஒப்புகைச் சீட்டோடு கூடிய பதிவுத் தபாலில் முறையான கேட்பு அறிவிப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் நீதிமன்றத்தில் 'பணம் செலுத்த உத்தரவு' கேட்டு மனு. இதற்கு வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிறுவனங்களுக்கிடையே உரிமை கோர 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அப்போது நீதிமன்றத்தில் வைக்கும் கோப்பில், ஒப்பந்தத்துக்கும் பில்லுக்கும் அடுத்தபடியாக இருக்கப்போவது மார்ச் 3-இல் எழுதிய அந்த மடலும் அதற்கு வந்த ஒரு வரிப் பதிலும்தான்.

கெடுவை வழக்கமாக மீறும் நிறுவனங்களை அரசும் சும்மா விடுவதில்லை. போட்டி, நுகர்வோர் நலன், மோசடித் தடுப்பு ஆகியவற்றுக்கான தலைமை இயக்ககம் திடீர்ச் சோதனை நடத்தி, நிறுவனங்களுக்கு 20 லட்சம் யூரோ வரை அபராதம் போடலாம், பெயரையும் வெளியிடுகிறது. ஆனால் அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போவது. உங்கள் 1,800 யூரோவை அது வாங்கித் தராது.

புதுச்சேரியிலோ சென்னையிலோ இருந்துகொண்டு பிரெஞ்சு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களுக்கு இந்த மடல் அப்படியே பொருந்தும், பில் பொருந்தாது. அவர்களுக்கு சிரே எண்ணும் இல்லை, 293 B வரியும் இல்லை. மதிப்புக்கூட்டு வரியைப் பிரான்சில் உள்ள வாடிக்கையாளரே கணக்கிட்டுச் செலுத்திக்கொள்வார். இந்திய வங்கிகளில் ஐபான் கிடையாது என்பதால் ஸ்விஃப்ட் குறியீடும் கணக்கு எண்ணும் தர வேண்டும். இடையில் உள்ள வங்கிகள் பிடிக்கும் கட்டணம் யார் தலையில் என்பதை முன்பே பேசிவிட வேண்டும். இல்லையென்றால் 1,800-க்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். பிரெஞ்சுச் சட்டத்தின் கெடுவும் வட்டியும் தமக்கும் கிடைக்க வேண்டுமானால், ஒப்பந்தம் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று அதிலேயே எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

பிரான்சுக்குள்ளேயே இந்த மடலின் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. அரசு அலுவலகங்களுக்கு பில் அனுப்புபவர்கள், எவ்வளவு சிறியவர்களானாலும், 2020 முதலே 'கோரஸ் ப்ரோ' என்ற அரசு இணையதளத்தில்தான் அதை ஏற்ற வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. நிறுவனங்களுக்கிடையேயும் இதே முறை வருகிறது. சட்டம் வகுத்திருக்கும் கால அட்டவணைப்படி, 2026 செப்டம்பர் 1 முதல் எல்லா நிறுவனங்களும் மின்-பில்களைப் பெறத் தயாராக இருக்க வேண்டும். பெரிய, நடுத்தர நிறுவனங்கள் அப்படியே அனுப்பவும் வேண்டும். சிறிய நிறுவனங்களும் தனித் தொழில்முனைவோரும் அனுப்ப வேண்டிய நாள் 2027 செப்டம்பர் 1. அன்றிலிருந்து பில் அரசின் ஒப்புதல் பெற்ற தளங்கள் வழியாக, கணினி நேரடியாக வாசிக்கும் வடிவத்தில் போகும். மடலில் இணைத்த சாதாரண பிடிஎஃப் பில்லாகக் கருதப்படாது. 'பில் தளத்தில் ஏறிவிட்டது, கெடு ஏப்ரல் 2' என்று மேலாளருக்கு ஒரு வரி எழுதுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. அவர் ஒப்புதல் தந்தால்தானே பணம் நகரும்.

'நான் மதிப்புக்கூட்டு வரியே வசூலிக்காதவன், இது எனக்கு இல்லை' என்று நினைத்துக்கொண்டிருக்கும் மீக்ரோ-ஆந்த்ரப்ரனர்கள் நிறைய. வரி வசூலிக்காதவர்களுக்கும் இந்த விதி உண்டு. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, 2026 செப்டம்பர் 1-க்குள் பில்களைப் பெற ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து வைப்பது.